ஹவர் மீட்டர் சொல்லும் தேய்மானம்

நெல் அறுவடை இயந்திரத்தைப் பழைய விலைக்கு வாங்க வருகிறவர் முதலில் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார். ஒன்று, அது எந்த ஆண்டு வண்டி என்பது. இன்னொன்று, டிரைவர் இருக்கைக்கு முன்னால் உள்ள ஹவர் மீட்டர் எத்தனை மணி காட்டுகிறது என்பது. ஆண்டைக் கேட்டுவிட்டுச் சும்மா தலையாட்டுகிறவர், மீட்டரைப் பார்த்த பிறகுதான் விலையைப் பேசத் தொடங்குவார். மூன்று ஆண்டு வண்டி ஒன்று நாலாயிரம் மணி நேரம் ஓடியிருக்கலாம். ஐந்து ஆண்டு வண்டி ஒன்று இரண்டாயிரத்தைத் தாண்டாமலும் இருக்கலாம். வயதில் மூத்த இரண்டாவது வண்டிக்கே கூடுதல் விலை கிடைக்கும்.

சந்தையில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அதே வண்டியின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால், பெரும்பாலும் அங்கே ஹவர் மீட்டருக்கு இடமே இருக்காது. வாங்கிய விலையை ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுக்கு இவ்வளவு என்று தேய்மானம் எழுதியிருப்பார்கள். வண்டி இராப்பகலாக அறுத்த ஆண்டுக்கும் அதே தொகை, கொட்டகையில் நின்ற ஆண்டுக்கும் அதே தொகை.

இதற்கு மாற்றாக ஒரு பழைய முறை கணக்கியலில் இருக்கிறது. உற்பத்தி அலகு முறை என்று அதற்குப் பெயர். இயந்திரம் தன் வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு வேலை செய்யும் என்று மதிப்பிட்டு, ஒவ்வோர் அலகு வேலைக்கும் இவ்வளவு தேய்மானம் என்று பிரித்து, அந்தந்த ஆண்டில் நடந்த வேலைக்கு மட்டும் எழுதுவது. அலகு என்பது ஓடிய மணியாகவோ, கிலோமீட்டராகவோ, வெட்டிய டன்னாகவோ இருக்கலாம். வேலை ஏறி இறங்கும் இயந்திரங்களுக்கு இந்த முறை எப்படிப் பொருந்துகிறது என்பதை அறிய, காவிரி டெல்டாவின் அறுவடை இயந்திரத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

தண்ணீர் வரும் நாளும் வண்டி ஓடும் மணியும்

மேட்டூர் அணை பாசனத்துக்காக ஜூன் 12-ல் திறக்கப்பட்டு, மறு ஆண்டு ஜனவரி 28-ல் மூடப்படுவது மரபு. அந்த நாளில் தண்ணீர் வந்தால் குறுவை தடையின்றி நடக்கும். அதன் அறுவடையும், பின்னால் சம்பா, தாளடி அறுவடைகளும் வண்டிக்கு வேலை கொடுக்கும். ஆனால் மரபு ஆண்டுதோறும் நடப்பதில்லை. 2016-ல் அணை திறந்ததே செப்டம்பர் 20-ல். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10-ல் தமிழக அரசு மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தது. அடுத்த ஆண்டும் அக்டோபர் 2-ல்தான் அணை திறந்தது.

இதற்கு நேர்மாறாக, 2022-ல் மே 24-ஆம் தேதியே தண்ணீர் வந்தது. 2023-ல் ஜூன் 12-ல் திறந்த அணையை, நீர் போதாமல் அக்டோபர் 10-ல் மூட வேண்டியதாயிற்று. 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவே முடியவில்லை.

இந்தத் தேதிகள் ஒவ்வொன்றும் டெல்டாவில் நிற்கும் அறுவடை இயந்திரத்தின் மீட்டரில் எண்ணாக ஏறுகின்றன, அல்லது ஏறாமல் போகின்றன. வண்டிக்காரர்கள் உள்ளூரில் வேலை இல்லாவிட்டால் லாரியில் ஏற்றிக்கொண்டு ஆந்திரம், கர்நாடகம் என்று போகிறார்கள். ஆத்தூர்ப் பக்கத்து வண்டிகள் டெல்டாவுக்கு வருவதும் இதே தேடலில்தான். எல்லோராலும் அப்படிப் போக முடியாது. ஒரே நாளில் ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு வண்டிகள் மூன்றே ஆண்டுகளில் வெவ்வேறு நிலைமைக்கு வந்துவிடுவது இதனால்தான்.

எது தேய்கிறது?

அறுவடை இயந்திரம் பழசாவதைப் பார்த்தால் பெரும்பகுதி உராய்வினால் ஆவது. முன்புறக் கத்திகள் தாளை வெட்டி வெட்டி மழுங்குகின்றன. கதிரை உள்ளே இழுக்கும் செயின்கள் நீள்கின்றன. கதிரடிக்கும் உருளையின் பற்கள் கரைகின்றன. நெல் தாளிலும் உமியிலும் சிலிக்கா மிகுதி; மணலின் மூலப்பொருளும் அதுதான். வைக்கோல் உள்ளே ஓடுகிறவரை அது இரும்பை அரத்தைப் போல் ராவிக்கொண்டே இருக்கிறது. வண்டி நிற்கும்போது இந்தத் தேய்வு அடியோடு நின்றுவிடுகிறது.

சேற்று வயலில் இறங்கும் பெல்ட் வண்டியில் இன்னொரு செலவுக் களம் அடிப்பாகம். ரப்பர் பெல்ட், அதைத் தாங்கும் ரோலர்கள், இழுக்கும் பல்சக்கரம் எல்லாம் சேற்றிலும் மணலிலும் அரைபடுகின்றன. தார் ரோட்டில் ஓட்டினால் பெல்ட் இன்னும் சீக்கிரம் தேயும் என்பதால்தான் கொஞ்ச தூரமானாலும் வண்டியை ஏற்றிச் செல்கிறார்கள். என்ஜினும் அப்படியே. எண்ணெய் மாற்றுவது, வடிகட்டி மாற்றுவது எல்லாவற்றையும் தயாரிப்பாளரின் கையேடு மணிக்கணக்கில்தான் முதலில் குறிக்கும்.

ஆக, பராமரிப்பு மணியைப் பார்த்து நடக்கிறது. மறுவிற்பனை மணியைப் பார்த்து நடக்கிறது. வாடகையும் மணிக்கு இவ்வளவு என்றே வாங்கப்படுகிறது. தேய்மானக் கணக்கு மட்டும் காலண்டரைப் பார்த்து நடப்பதற்குக் காரணம், அது எளிது என்பதைத் தவிர வேறில்லை.

இரண்டு வண்டி, ஒரு விலை

எண்களை வைத்துப் பார்க்கலாம். கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. வண்டிக்கு வண்டி மாறும். பெல்ட் வண்டி ஒன்றின் விலை எல்லாச் செலவும் சேர்த்து 27 லட்சம் ரூபாய். 6,000 மணி நேரம் ஓட்டிய பிறகு 6 லட்சத்துக்கு விற்றுவிடலாம் என்று உரிமையாளர் எதிர்பார்க்கிறார். இடையில் கரைய வேண்டிய தொகை 21 லட்சம். அதை 6,000-ஆல் வகுத்தால் மணிக்கு 350 ரூபாய். இதுதான் உற்பத்தி அலகு முறையின் விகிதம். ஆண்டு முடிவில் மீட்டரைப் பார்த்து, ஓடிய மணியை 350-ஆல் பெருக்கினால் அந்த ஆண்டின் தேய்மானம் வந்துவிடும்.

ஆண்டுக்கு ஆயிரம் மணி வீதம் ஆறு ஆண்டு ஓடும் என்று வைத்துக்கொண்டால், நேர்கோட்டு முறையில் அதே 21 லட்சம் ஆறு சம பங்காகப் பிரிந்து ஆண்டுக்கு 3.5 லட்சமாகும். ஒவ்வோர் ஆண்டும் சரியாக ஆயிரம் மணி ஓடினால் இரண்டு முறைக்கும் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. வண்டி அப்படி ஓடாததுதான் விஷயம்.

முதல் உரிமையாளர் வெளி மாநிலம் வரை வண்டியை அனுப்புகிறவர். முதல் ஆண்டு 1,400 மணி, இரண்டாம் ஆண்டு 1,300 மணி. மீட்டர் கணக்கில் தேய்மானம் முறையே 4.9 லட்சமும் 4.55 லட்சமும். இரண்டு ஆண்டு முடிவில் வண்டியின் ஏட்டு மதிப்பு 17.55 லட்சம். இரண்டாவது உரிமையாளர் தன் ஊரைச் சுற்றி நாலைந்து கிராமங்களில் மட்டும் ஓட்டுகிறவர். ஆண்டுக்கு 600 மணி. அவருக்கு ஆண்டுத் தேய்மானம் 2.1 லட்சம், இரண்டு ஆண்டு முடிவில் ஏட்டு மதிப்பு 22.8 லட்சம்.

இருவருக்கும் இடையே 5.25 லட்சம் வித்தியாசம். 2,700 மணி ஓடிய வண்டியையும் 1,200 மணி ஓடிய வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எந்த மெக்கானிக்கும் இந்த வித்தியாசம் நியாயம் என்பார். நேர்கோட்டு முறையோ இரண்டு வண்டிக்கும் 20 லட்சம் என்று ஒரே மதிப்பைச் சொல்கிறது. முதலாமவருக்கு இல்லாத பணத்தைக் காட்டுகிறது. இரண்டாமவருக்கு இருக்கும் பணத்தை மறைக்கிறது.

நஷ்டம் இல்லாத ஆண்டில் நஷ்டம்

முதல் உரிமையாளருக்கு மூன்றாம் ஆண்டு தண்ணீர் வரவில்லை. வெளியூரிலும் வேலை குறைவு. வண்டி 400 மணிதான் ஓடுகிறது.

டீசல், டிரைவர் சம்பளம், புரோக்கர் கமிஷன், பழுது எல்லாம் போக மணிக்கு 800 ரூபாய் கையில் நிற்கிறது என்று கொள்வோம். முதல் ஆண்டு 1,400 மணிக்கு 11.2 லட்சம். நேர்கோட்டு முறையில் 3.5 லட்சம் தேய்மானம் போக லாபம் 7.7 லட்சம். மீட்டர் முறையில் 4.9 லட்சம் போக 6.3 லட்சம். அதாவது முதல் கணக்கு அவரை 1.4 லட்சம் கூடுதல் பணக்காரராகக் காட்டுகிறது. அந்தத் தொகை உண்மையில் வண்டியிலிருந்து கழன்று வந்த இரும்பு. அதை லாபம் என்று நம்பி வீட்டுச் செலவுக்கு எடுத்தால், அடுத்த வண்டிக்கு அந்தப் பணம் இருக்காது.

மூன்றாம் ஆண்டு 400 மணிக்கு 3.2 லட்சம் நிற்கிறது. நேர்கோட்டு முறை 3.5 லட்சத்தைக் கழித்து 30,000 ரூபாய் நஷ்டம் என்கிறது. மீட்டர் முறை 1.4 லட்சத்தை மட்டும் கழித்து 1.8 லட்சம் லாபம் என்கிறது. வேலை குறைந்ததால் வருமானம் குறைந்தது உண்மை. ஆனால் ஓடிய ஒவ்வொரு மணியும் லாபத்தில்தான் ஓடியிருக்கிறது.

மூன்று ஆண்டையும் கூட்டினால் 3,100 மணி, மீட்டர் முறையில் 10.85 லட்சம், நேர்கோட்டு முறையில் 10.5 லட்சம். கூட்டுத்தொகை கிட்டத்தட்ட ஒன்றே. அப்படியானால் எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். உரிமையாளர் முடிவு எடுப்பது கூட்டுத்தொகையைப் பார்த்து அல்ல, அந்தந்தப் பருவத்தில் என்பதே பதில்.

நேர்கோட்டுக் கணக்கை மணிக்குப் பிரித்துப் பாருங்கள். வேலை அதிகமான முதல் ஆண்டில் மணிக்குத் தேய்மானம் 250 ரூபாய் என்று வரும். வேலை இல்லாத மூன்றாம் ஆண்டில் 875 ரூபாய் என்று வரும். இதை நம்புகிற ஒருவர் நல்ல பருவத்தில், செலவு குறைவுதானே என்று வாடகையைக் குறைத்து ஆர்டர் பிடிப்பார். மந்தமான பருவத்தில், இந்த வாடகைக்குக் கட்டாது என்று வந்த வேலையையும் திருப்பி அனுப்புவார். இரண்டும் தவறான முடிவுகள். வண்டி ஒரு மணி ஓடினால் தேய்வது எந்த ஆண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அந்த 350 ரூபாய்தான் வாடகை பேசும்போது மனத்தில் இருக்க வேண்டிய எண்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. வங்கித் தவணை என்பது தேய்மானம் அல்ல. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை மாதா மாதம் வரும். அதில் உள்ள வட்டி காலத்தால் ஆகும் செலவு. மூன்றாம் ஆண்டில் தவணை கட்ட முடியாமல் திணறுவது பணப்புழக்கத்தின் சிக்கல். வண்டி தேய்ந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. தவணை முடிந்த பிறகு, இனி வருவதெல்லாம் லாபம் என்று நினைப்பதும் இதே குழப்பத்தின் மறுபக்கம். தவணை நின்றாலும் வண்டி தேய்வது நிற்பதில்லை.

மணியா, ஏக்கரா, வாடகையா?

அலகைத் தேர்ந்தெடுப்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. அறுவடை இயந்திரத்துக்கு மூன்று அலகுகள் தோன்றும்: ஓடிய மணி, அறுத்த ஏக்கர், வாங்கிய வாடகை.

ஏக்கர் என்பது கேட்க நன்றாக இருக்கும். உற்பத்தி என்றால் அறுத்த பரப்பு தானே? ஆனால் ஏக்கருக்கு ஏக்கர் வேலை ஒன்றல்ல. நிமிர்ந்து நிற்கும் பயிரைக் காய்ந்த வயலில் ஒரு மணி நேரத்தில் அறுக்கிற வண்டி, மழையில் சாய்ந்து சேற்றில் படுத்த பயிரை அறுக்க இரண்டு மணி நேரம்கூட எடுக்கும். 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த கனமழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா பயிர் பரவலாகச் சாய்ந்தது. அந்த வயல்களில் இறங்கிய வண்டிகள் குறைந்த ஏக்கருக்கு அதிகம் தேய்ந்தன. ஏக்கர் கணக்கு அதைக் காட்டாது. மணிக் கணக்கு பெருமளவு காட்டிவிடும். வாடகையே மணிக்குப் பேசப்படுவதன் நியாயமும் அதுதான்.

வாடகைத் தொகையை அலகாகக் கொள்வது இன்னும் மோசம். வண்டி தட்டுப்பாடு வந்தால் வாடகை ஏறும். சில மாவட்டங்களில் ஆட்சியர் தலைமையில் கூடிப் பேசி வாடகையை நிர்ணயிப்பதும் உண்டு. வாடகை ஏறியதால் செயின் சீக்கிரம் தேய்வதில்லை. இந்தக் காரணத்தால்தான், இயந்திரம் ஈட்டும் வருவாயை வைத்துத் தேய்மானம் கணக்கிடுவது பொருந்தாது என்று சர்வதேசக் கணக்கியல் தரம் 16-இல் 2014-ஆம் ஆண்டு திருத்தம் செய்தார்கள். வருவாயில் விலைவாசி, போட்டி, பேரம் எல்லாம் கலந்திருக்கிறது. தேய்வில் அவை இல்லை.

மணிக் கணக்கிலும் ஓட்டை உண்டு. வயலோரம் நின்றுகொண்டு என்ஜின் ஓடினாலும் மீட்டர் ஏறும். அப்போது கத்தியோ உருளையோ தேய்வதில்லை. பெரிய அறுவடை இயந்திரங்கள் சிலவற்றில் என்ஜின் ஓடிய நேரத்துக்கு ஒன்று, கதிரடித்த நேரத்துக்கு ஒன்று என இரண்டு கணக்குகள் தனித்தனியே பதிவாவது இதற்காகத்தான். ஒரே மீட்டர் உள்ள வண்டியில், அதிகம் நிற்க வைத்து ஓட்டும் டிரைவரின் வண்டி மீட்டரில் கூடுதலாகத் தேய்ந்ததுபோல் தெரியும்.

மீட்டர் பழுதாவதும், விற்பதற்கு முன் மாற்றப்படுவதும் நடக்கிற காரியங்கள். சரிபார்க்க எளிய வழி டீசல். ஒவ்வொரு வண்டிக்கும் மணிக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு வழக்கம் இருக்கும். மணிக்கு 8 லிட்டர் குடிக்கிற வண்டிக்கு ஒரு மாதத்தில் 1,600 லிட்டர் போட்டிருந்தால், மீட்டர் 200 மணிக்கு அருகில் ஏறியிருக்க வேண்டும். 140 மணிதான் காட்டுகிறது என்றால் மீட்டர் நின்று நின்று ஓடுகிறது, அல்லது டீசல் வேறெங்கோ போகிறது. வாடகை வாங்கிய ரசீதுகளிலுள்ள மணிகளைக் கூட்டினால் எது என்று தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்குகிறவருக்கும் இதே வழிதான்: மீட்டர் புத்தம் புதிதாகவும், மிதிகளின் ரப்பர் வழுவழுவென்றும், பல்சக்கரப் பற்கள் கூராகவும் இருந்தால் மீட்டரை நம்ப வேண்டியதில்லை.

நின்றாலும் பழசாகும் பாகங்கள்

மீட்டர் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றால் அதுவும் சரியல்ல. வெயிலில் நின்ற ரப்பர் பெல்ட்டில் வெடிப்பு விழும். கழுவாமல் விட்ட சேற்றுக்கு அடியில் தகடு துருப்பிடிக்கும். பேட்டரி செத்துப்போகும். நின்ற வண்டிக்குள் எலி புகுந்து வயரைக் கடித்துவைக்கும். சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும். புது மாடல் வந்துவிட்டால் பழையதன் மதிப்பு தானாகவே இறங்கும். இவை எதுவும் மணியைப் பார்த்து நடப்பதில்லை.

உற்பத்தி அலகு முறையில் வண்டி ஒரு மணிகூட ஓடாத ஆண்டுக்குத் தேய்மானம் பூஜ்யம். கணக்கியல் தரமே இதை ஒப்புக்கொள்கிறது: ஆண்டுக் கணக்கு முறைகளில் இயந்திரம் சும்மா நின்றாலும் தேய்மானத்தை நிறுத்தக் கூடாது; பயன்பாட்டு முறையில் உற்பத்தி இல்லாதபோது அது பூஜ்யமாக இருக்கலாம். ஆனால் அப்படிப் பல ஆண்டு நின்ற வண்டி, புத்தகத்தில் புதிது போலவே உட்கார்ந்திருக்கும் ஆபத்து இதில் உண்டு. நிறுவனங்கள் என்றால் மதிப்பு விழுந்திருக்கிறதா என்று தனியே சோதித்து ஏட்டு மதிப்பைக் குறைக்க வேண்டும்.

சொந்தக் கணக்கு வைத்திருக்கும் உரிமையாளர் இதை எளிதாகச் சமாளிக்கலாம். கரைய வேண்டிய 21 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கான 4.2 லட்சம் காலத்தால் போவது என்று வைத்து, பத்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 42,000 ரூபாய். மீதி 16.8 லட்சத்தை 6,000 மணிக்குப் பிரித்தால் மணிக்கு 280 ரூபாய். 1,400 மணி ஓடிய ஆண்டில் இரண்டும் சேர்ந்து 4.34 லட்சம், 400 மணி ஓடிய ஆண்டில் 1.54 லட்சம், ஓடாத ஆண்டிலும் 42,000. பங்கு எவ்வளவு என்பதை வண்டியை நிறுத்தும் இடம் தீர்மானிக்கும். கொட்டகையில் நிற்கும் வண்டிக்குக் காலத்தின் பங்கு குறைவு, வெட்டவெளியில் நிற்பதற்கு அதிகம்.

ரப்பர் பெல்ட்டைத் தனியாக எடுத்து எழுதுவது இன்னொரு நல்ல பழக்கம். வண்டி விலையில் ஜோடி பெல்ட் 1.8 லட்சம், அது 1,200 மணி உழைக்கும் என்றால் மணிக்கு 150 ரூபாய். மீதி வண்டிக்கு 25.2 லட்சத்தில் விற்பனை விலை 6 லட்சம் போக 19.2 லட்சம், 6,000 மணிக்கு 320 ரூபாய். இரண்டும் சேர்ந்து மணிக்கு 470. முதலில் போட்ட 350-ஐவிட இது கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே மாற்றுப் பெல்ட் பழுதுச் செலவுக்குள் ஒளிந்திருந்தது. பெல்ட்டைத் தனியே தேய்மானமாக எழுதினால் புதுப் பெல்ட்டின் விலையைப் பழுதுச் செலவில் மறுபடி எழுதக் கூடாது. இப்படிப் பிரித்து எழுதினால், பெல்ட் மாற்றும் மாதத்தில் திடீரென்று விழும் பெரிய செலவு ஓடிய மணிகளின் மேல் சமமாகப் பரவிவிடும்.

6,000 மணி தவறாகிப் போனால்?

முறை முழுவதும் ஒரு மதிப்பீட்டின் மேல் நிற்கிறது: வண்டி மொத்தம் 6,000 மணி ஓடும் என்பது. அது தவறாகலாம். மூன்றாம் ஆண்டு முடிவில் வண்டியைத் திறந்து பார்த்த மெக்கானிக், மொத்தத்தில் 5,000 மணியைத் தாண்டாது என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஆண்டுகளின் கணக்கைத் திருத்துவது முறையல்ல. இன்றைய ஏட்டு மதிப்பு 16.15 லட்சம். அதில் விற்பனை விலை 6 லட்சத்தைக் கழித்தால் 10.15 லட்சம். மிஞ்சியிருப்பது 1,900 மணி. இனி மணிக்குச் சுமார் 534 ரூபாய்.

350 ரூபாயிலிருந்து 534 ரூபாய்க்கு ஏறுவது கசப்பான செய்திதான். ஆனால் அதை வண்டி உட்காரும் நாளில் அல்லாமல், 1,900 மணிக்கு முன்பே கேட்க முடிகிறது. ஆண்டுதோறும் ஒரு முறை இந்த மதிப்பீட்டைப் புதுப்பிக்காதவர்களுக்கு இந்த முறையினால் பெரிய பயன் இல்லை. முதல் மதிப்பீட்டுக்கு நல்ல ஆதாரம், அதே மாடலை ஏற்கெனவே ஓட்டி விற்றவர்களின் மீட்டர் எண்ணும், அவர்களுக்குக் கிடைத்த விலையும். தயாரிப்பாளரின் விளம்பரத் தாள் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த முறை ஏதோ கைக்கணக்கு அல்ல. இந்தியக் கணக்கியல் தரம் 16, நேர்கோட்டு முறை, குறையும் மதிப்பு முறை ஆகியவற்றோடு உற்பத்தி அலகு முறையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஒரு சொத்தின் பயனுள்ள ஆயுளை வரையறுக்கும்போது, அது பயன்பாட்டுக்குக் கிடைக்கும் காலம் என்று சொல்லி நிறுத்தவில்லை. அதிலிருந்து பெறக்கூடிய உற்பத்தி அலகுகளின் எண்ணிக்கை என்றும் சேர்த்தே சொல்கிறது. ஆண்டுக் கணக்கிலேயே போகிறவர்களுக்கும் அதே அட்டவணை ஒரு திருத்தம் வைத்திருக்கிறது. விலக்கு பெறாத இயந்திரங்கள் இரண்டு ஷிப்ட் ஓடிய நாட்களுக்குத் தேய்மானம் 50 சதவீதமும், மூன்று ஷிப்ட் ஓடிய நாட்களுக்கு 100 சதவீதமும் கூட வேண்டும். காலண்டர் மட்டும் போதாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் இது.

வருமான வரி வேறு வழியில் போகிறது. அங்கே மீட்டருக்கு வேலையில்லை. இயந்திரங்களைத் தொகுப்பாகச் சேர்த்து, குறைந்துவரும் மதிப்பின் மேல் சதவீதக் கணக்கில்தான் தேய்மானம். பொதுவான இயந்திரங்களுக்கு அது 15 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அந்த ஆண்டுக்கு அதில் பாதி. ஆகவே மணிக் கணக்கு வைத்திருப்பவரும் வரிக்கென்று தனிக் கணக்கு போட்டுத்தான் ஆக வேண்டும். ஒரே வண்டிக்கு இரண்டு தேய்மானத் தொகை இருப்பது குற்றம் அல்ல. ஒன்று அரசுக்குச் சொல்வது, மற்றொன்று உரிமையாளர் தெரிந்துகொள்வது.

எல்லா இயந்திரத்துக்கும் இது வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் ஒரே அளவில் ஓடும் இயந்திரத்துக்கு நேர்கோட்டு முறை போதும். தேய்வதைவிடச் சீக்கிரம் பழைய மாடலாகிவிடும் கணினிக்கு ஓடிய மணியை எண்ணுவது வீண். அறுவடை இயந்திரம், ரிக் வண்டி, பொக்லைன், வாடகை ஜெனரேட்டர் போன்று, வேலை பருவத்தைப் பொறுத்து ஏறி இறங்குவதும், தேய்வு ஓட்டத்தைப் பொறுத்து நடப்பதும், ஓட்டத்தை எண்ண ஒரு மீட்டர் இருப்பதும் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில்தான் இதற்குப் பொருள்.

அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவருக்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். மாதத்தின் கடைசி நாள் மீட்டர் எண், அந்த மாதம் போட்ட டீசல், மாற்றிய பாகம் ஆகிய மூன்றையும் எழுதி வாருங்கள். மார்ச் 31-ஆம் தேதி எண்ணிலிருந்து முந்தைய ஏப்ரல் 1-ஆம் தேதி எண்ணைக் கழித்து, மணிக்கு ஆகும் தேய்மானத்தால் பெருக்குங்கள். அடுத்த பருவத்துக்கு வாடகை பேசப் போகுமுன் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.